ஒரே அம்புக்குறியில் அடங்காத வினை

முதுகலை வேதியியல் பயிலும் மாணவர்களுக்கு,



ராபின்சன் வளையமாக்கலைப் பற்றி உங்களுக்கு எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். தேர்வில் இந்த வினையைக் கேட்டால் பெரும்பாலான விடைத்தாள்களில் ஒரே படம்தான் வருகிறது. இடப்பக்கம் ஒரு கீட்டோன், அருகில் மெத்தில் வினைல் கீட்டோன், நடுவே ஓர் அம்புக்குறி, அதன் தலையில் NaOH, வலப்பக்கம் சைக்ளோஹெக்சினோன். விடை சரி, மதிப்பெண்ணும் கிடைக்கிறது. ஆனால் அதே மாணவர் திட்டப்பணிக்காக ஆய்வகத்துக்குள் வந்து, அந்தப் படத்தில் உள்ளபடியே எல்லாவற்றையும் ஒரே குடுவையில் கொட்டிச் சூடாக்கும்போது, அடியில் பழுப்பு நிறப் பிசின்தான் மிஞ்சுகிறது. படம் சொன்னது பொய்யல்ல. ஆனால் அந்த ஒற்றை அம்புக்குறிக்குள் இரண்டு வினைகள் இருக்கின்றன. அவை கேட்கும் சூழல்கள் வேறு. அவற்றுள் எது திரும்பி வரக்கூடியது, எது திரும்பாது என்பதில்தான் விளைபொருளின் தலையெழுத்து இருக்கிறது. அதை விரித்துச் சொல்லவே இந்த மடல்.

இந்த வழிமுறையை 1935-இல் வில்லியம் ராப்சனும் ராபர்ட் ராபின்சனும் வெளியிட்டார்கள். ஸ்டெரால்களோடு தொடர்புள்ள சேர்மங்களை ஆய்வகத்தில் கட்டுவதுதான் அவர்கள் நோக்கம். ஸ்டீராய்டுகளில் ஆறு உறுப்பு வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. ஏற்கெனவே இருக்கும் ஒரு வளையத்தின் மேல் இன்னொன்றைக் கட்ட வழி வேண்டியிருந்தது. அதற்கு அவர்கள் கண்ட விடை, இணைச் சேர்ப்பும் அதைத் தொடரும் மூலக்கூறுக்குள்ளான ஆல்டால் குறுக்கமும்.

பொதுவாகப் பேசினால் கை நழுவிவிடும். ஆகவே ஒரே ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். 2-மெத்தில்-1,3-சைக்ளோஹெக்சேன்டையோனையும் மெத்தில் வினைல் கீட்டோனையும் கொண்டு வீலாண்ட்–மீஷர் கீட்டோனைச் செய்வோம். பாசெலில் இருந்த சீபா நிறுவனத்தின் வீலாண்டும் மீஷரும் 1950-இல் அறிவித்த சேர்மம் இது. முதல் பொருளை இனிச் சுருக்கமாக டையோன் என்றே சொல்கிறேன்.

முதல் பிணைப்பு

டையோனின் இரண்டாம் கார்பனைப் பாருங்கள். அதன் இரு பக்கமும் கார்பனைல். மீதி இரண்டு இடங்களில் ஒரு மெத்திலும் ஒரு ஹைட்ரஜனும். அந்த ஒற்றை ஹைட்ரஜனை இழந்தால் எதிர்மின் சுமை இரண்டு ஆக்சிஜன்களிலும் பகிரப்படும். அதனால் இதன் அமிலத்தன்மை சாதாரணக் கீட்டோனைவிடப் பல கோடி மடங்கு அதிகம், அசிட்டிக் அமிலத்தை நெருங்கும் அளவுக்கு. ஈனோலேட்டாக்க வலிமையான காரமோ, அதிக அளவோ தேவையில்லை. மிகச் சிறிதளவு போதும்.

இந்த ஈனோலேட்டின் இரண்டாம் கார்பன், மெத்தில் வினைல் கீட்டோனின் கார்பனைலைத் தாக்குவதில்லை. இரட்டைப் பிணைப்பின் வெளிமுனையில் உள்ள CH2-வைத் தாக்குகிறது. இதுதான் மைக்கேல் சேர்ப்பு. கார்பனைலை நேரடியாகத் தாக்கும் வினையும் நடக்கக்கூடியதே. ஆனால் நிலையான ஈனோலேட்டுக்கு அந்தச் சேர்ப்பு எளிதில் பின்வாங்கிவிடும். வெளிமுனைச் சேர்ப்பில் கிடைக்கும் பொருளே அதிக நிலைத்தன்மை உடையது. வினை முடிந்ததும் நம் கையில் இருப்பது ஒரு ட்ரைகீட்டோன். வளையத்தில் இரண்டு கார்பனைல், பக்கச் சங்கிலியின் முனைக்கு முன் ஒன்று. வாய்ப்பாடு C11H16O3, மூலக்கூறு நிறை 196.

இங்கே மெத்தில் தொகுதி செய்யும் வேலையைக் கவனியுங்கள். சேர்ப்பு முடிந்ததும் இரண்டாம் கார்பனின் நான்கு பிணைப்புகளும் கார்பனுக்கே போய்விட்டன. அங்கே இழக்க ஹைட்ரஜன் இல்லை. ஆகவே இன்னொரு மெத்தில் வினைல் கீட்டோன் மூலக்கூறு அதே இடத்தில் வந்து ஒட்ட முடியாது. மெத்தில் இல்லாத 1,3-சைக்ளோஹெக்சேன்டையோனை எடுத்தால் இந்தக் காவல் இருக்காது, இரட்டைச் சேர்ப்பும் கூட வரும். இந்த எடுத்துக்காட்டு பாடநூல்களில் இடம்பெற்றதற்கு வரலாறு மட்டும் காரணமல்ல, அதன் சுத்தமான நடத்தையும் காரணம்.

இரண்டாம் பிணைப்பு: மூன்று வழிகள்

ட்ரைகீட்டோனில் ஈனோலேட்டாகக்கூடிய இடங்கள் மூன்று வகை. உங்களில் பலர் தடுமாறும் இடம் இதுதான். ஆகவே ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது, பக்கச் சங்கிலியின் முனையில் இருக்கும் மெத்தில். அது வளையத்தின் கார்பனைலைத் தாக்கினால் எத்தனை உறுப்பு வளையம் வரும்? இரண்டாம் கார்பன் ஒன்று, சங்கிலியின் முதல் CH2 இரண்டு, அடுத்த CH2 மூன்று, சங்கிலியின் கார்பனைல் நான்கு, முனை மெத்திலாக இருந்த கார்பன் ஐந்து, தாக்கப்பட்ட வளையக் கார்பனைல் ஆறு. ஆறு உறுப்பு வளையம், பழைய வளையத்தோடு ஒரு பக்கத்தைப் பகிர்ந்துகொண்டு நிற்கும்.

இரண்டாவது, சங்கிலிக் கார்பனைலின் மறுபக்கத்தில் இருக்கும் CH2. அது அதே வளையக் கார்பனைலைத் தாக்கினால் நான்கு உறுப்பு வளையம் வரும். அதன் இறுக்கம் அதிகம். உருவானாலும் நிலைக்காது, திறந்து பழைய நிலைக்கே திரும்பும்.

மூன்றாவது, வளையத்தின் உள்ளே கார்பனைலை ஒட்டி இருக்கும் CH2. அது சங்கிலியின் கார்பனைலைத் தாக்கலாம். எண்ணிப் பாருங்கள்: அந்த CH2, அதன் பக்கத்துக் கார்பனைல், இரண்டாம் கார்பன், சங்கிலியின் இரண்டு CH2, சங்கிலிக் கார்பனைல். இதுவும் ஆறுதான்! ஆனால் இந்த வளையம் பழைய வளையத்தின் பக்கத்தில் ஒட்டாமல் அதன் குறுக்கே பாலம்போல் நிற்கும். பைசைக்ளோ[3.3.1]நோனேன் அமைப்பு.

"ஆறு உறுப்பு வளையம் நிலையானது, ஆகவே அது உருவாகிறது" என்று மட்டும் எழுதினால் அது பாதி விடை என்பது இப்போது தெரியும். ஆறு உறுப்பு வளையம் தரும் வழிகளே இரண்டு இருக்கின்றன. எண்ணிக்கையால் மட்டும் அவற்றைப் பிரிக்க முடியாது.

திரும்பி வராத படி

பிரித்துக் கொடுப்பது நீர் நீக்கம். கீட்டோன்களுக்கிடையிலான ஆல்டால் சேர்ப்பு மீள்வினை. உருவான பீட்டா-ஹைட்ராக்சிகீட்டோன், காரத்தின் முன்னிலையில் மறுபடி பிரிந்து ட்ரைகீட்டோனாகும். அதே ட்ரைகீட்டோன் இன்னொரு வழியில் மூடும், மீண்டும் திறக்கும். பக்கத்தில் ஒட்டிய கீட்டால், பாலமாக நிற்கும் கீட்டால், திறந்த ட்ரைகீட்டோன் ஆகிய மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று மாறிக்கொண்டே இருக்கலாம்.

இவற்றுள் ஒட்டிய கீட்டால் மட்டுமே எளிதில் நீரை இழக்கக்கூடியது. கீட்டோனுக்கும் ஹைட்ராக்சில் தாங்கும் கார்பனுக்கும் இடையில் உள்ள CH2-விலிருந்து ஒரு புரோட்டான் போகும், பின் ஹைட்ராக்சைடு வெளியேறும், கார்பனைலோடு இணைந்த இரட்டைப் பிணைப்பு பிறக்கும். பாலமாக நிற்கும் கீட்டாலில் அதே வேலை நடக்க வேண்டுமானால் இரட்டைப் பிணைப்பு பாலத்தின் தலைக் கார்பனில் அமைய வேண்டும். இவ்வளவு சிறிய அமைப்பில் அங்கே இரட்டைப் பிணைப்பின் பை ஆர்பிட்டால்கள் ஒன்றையொன்று தழுவ முடியாது. பிரெட் விதி தடுப்பது இதைத்தான். ஆகவே பாலக் கீட்டால் காத்திருக்கும் அல்லது திறந்து திரும்பும். ஒட்டிய கீட்டாலோ நீரை இழந்து ஈனோனாகும். அந்த நீரை நாம் குடுவையிலிருந்து வெளியேற்றிவிட்டால் திரும்பும் வழியும் அடைபடும். சமநிலையில் இருக்கும் எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாக ஈனோனை நோக்கி நகரும்.

இதை ஒரு வரியாக மனத்தில் கொள்ளுங்கள்: வளையம் மூடும்போது விளைபொருள் தீர்மானமாவதில்லை, நீர் போகும்போது தீர்மானமாகிறது. ஆகவே வினையைப் பாதியில் நிறுத்தினால், வெப்பநிலையைத் தாழ்த்தினால், நீர் போகும் வழியை அடைத்தால், வேறு பொருள் கிடைப்பதில் வியப்பில்லை.

ஆய்வகத்தில்

ராமச்சந்திரனும் நியூமனும் 'ஆர்கானிக் சிந்தசிஸ்' தொகுப்புக்காக 1961-இல் எழுதிய செய்முறை, மேலே சொன்னதை அப்படியே கையில் எடுத்துக் காட்டுகிறது. வீலாண்ட்–மீஷர் கீட்டோனை இரண்டு கட்டமாகவே செய்கிறார்கள்.

முதல் கட்டத்தில் டையோன் 63.1 கிராம், அதாவது அரை மோல். மெத்தில் வினைல் கீட்டோன் ஏறத்தாழ முக்கால் மோல், 52.6 கிராம். கரைப்பான் உலர்ந்த மெத்தனால் 250 மி.லி. காரம் எவ்வளவு தெரியுமா? பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெறும் கால் கிராம் அளவு, மூன்று வில்லைகள். டையோனின் மோல் அளவில் ஒரு சதவீதம்கூட இல்லை. இதை ஏறத்தாழ மூன்று மணி நேரம் ரிஃப்ளக்ஸ் செய்கிறார்கள். தொடக்கத்தில் கரையாமல் கிடக்கும் டையோன் வினைபுரியப் புரியக் கரைகிறது. பிறகு மெத்தனாலையும் மிஞ்சிய மெத்தில் வினைல் கீட்டோனையும் குறைந்த அழுத்தத்தில் நீக்குகிறார்கள்.

இரண்டாம் கட்டத்தில் மிஞ்சியதை பென்சீனில் கரைத்து, டீன்–ஸ்டார்க் கருவியைப் பொருத்தி, கொஞ்சம் பென்சீனை வடித்து எடுத்துவிடுகிறார்கள். ஒட்டியிருக்கும் நீரும் மெத்தனாலும் அதோடு போய்விடும். ஆறவைத்து 3 மி.லி. பைரோலிடின் சேர்த்து மீண்டும் ரிஃப்ளக்ஸ். இப்போது வளையம் மூடி, நீர் பிரிந்து டீன்–ஸ்டார்க் குழாயில் சேரும். அரை மோல் வினைக்கு அரை மோல் நீர், அதாவது 9 மி.லி. குழாயில் சேரும் நீரின் அளவே வினை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று சொல்லிவிடும். தூய்மைப்படுத்திய பின் 56 முதல் 58 கிராம் வரை, அதாவது 63 முதல் 65 சதவீதம் கிடைத்ததாக அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இன்று இதைச் செய்பவர்கள் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனைத் தொடத் தேவையில்லை, டொலுவீன் அந்த இடத்தை நிரப்பும்.

இரண்டு கட்டத்துக்கும் இரண்டு வெவ்வேறு காரங்கள் ஏன் என்று கேட்க வேண்டும். ட்ரைகீட்டோனின் இரண்டாம் கார்பனில் ஹைட்ரஜன் இல்லை என்று பார்த்தோம். சாதாரண 1,3-டையோனைக் காரத்தில் போட்டால் அது ஈனோலேட்டாகித் தப்பித்துக்கொள்ளும். இரண்டு கார்பனைலுக்கு நடுவில் ஹைட்ரஜன் இல்லாத டையோனுக்கு அந்தத் தப்பிக்கும் வழி கிடையாது. ஹைட்ராக்சைடு அதன் கார்பனைலைத் தாக்கி, நடுவிலுள்ள கார்பன்–கார்பன் பிணைப்பையே முறித்து, வளையத்தைத் திறந்து கார்பாக்சிலிக் அமில உப்பாக்கிவிடும். கிளெய்சன் குறுக்கத்தின் எதிர்த்திசை இது. உருவான அமிலம் காரத்தோடு உப்பாகிவிடுவதால் திரும்பியும் வராது. NaOH கரைசலைத் தாராளமாக ஊற்றியவர்களுக்கு விளைச்சல் குறைவதற்கு ஒரு காரணம் இதுதான். பிரித்தெடுக்கும்போது அந்த அமிலம் நீர் அடுக்கில் போய்விடுவதால் அது உருவானதையே பலர் அறிவதில்லை. சந்தேகமிருந்தால் நீர் அடுக்கை அமிலமாக்கிச் சாறிறக்கிப் பாருங்கள்.

பைரோலிடின் இந்தத் தீங்கைச் செய்வதில்லை. அது ஈரிணைய அமீன். சங்கிலியில் உள்ள கீட்டோனோடு சேர்ந்து ஈனமீன் ஆகிறது. அந்த ஈனமீனின் கார்பன்முனை வளையக் கார்பனைலைத் தாக்குகிறது. வலிமையான காரம் எங்கும் இல்லாமலேயே வளையம் மூடிவிடுகிறது.

மெத்தில் வினைல் கீட்டோனைக் கையாள்வது பற்றியும் சொல்லியாக வேண்டும். அது மூச்சுக்கும் தோலுக்கும் மிகவும் நச்சு, கண்ணைக் கடுமையாக எரிக்கும். ஃப்யூம் ஹூட்டுக்கு வெளியே அதன் புட்டியைத் திறக்கவே கூடாது. அது காரத்தில் எளிதாகப் பலபடியாகும். அதனால்தான் புட்டியில் ஹைட்ரோகுயினோன் போன்ற தடுப்பானோடு விற்கிறார்கள். பழைய புட்டியில் திரவம் மஞ்சளாகிக் கெட்டியாக இருந்தால் பாதி பலபடியாகிவிட்டது என்று பொருள். அதை எடைபோட்டு வினையில் சேர்த்தால் கணக்கே தவறாகும். வடித்து எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

எது கிடைத்தது என்று எப்படி அறிவது

முதல் சோதனை டிஎல்சி தகடு. இங்கே ஒரு வேடிக்கையான மறைவு உண்டு, தெரியாதவர்களை அது ஏமாற்றும். தொடக்கப் பொருளான டையோன் பெரும்பாலும் ஈனோல் வடிவில் இருப்பதால், 254 நானோமீட்டர் விளக்கின் கீழ்க் கரும்புள்ளியாகத் தெரியும். ட்ரைகீட்டோனில் இணைந்த இரட்டைப் பிணைப்பு எதுவும் இல்லை, ஆகவே விளக்கில் ஏறத்தாழத் தெரியாது. ஈனோன் மறுபடி கருமையாகத் தெரியும். முதல் கட்டத்தின் முடிவில் புள்ளி மறைந்துவிட்டதே என்று அஞ்சிக் குடுவையைக் கொட்டிவிடாதீர்கள். சாயம் தெளித்துப் பாருங்கள், ட்ரைகீட்டோன் அங்கே இருக்கும்.

நிறைநிறமாலையை மட்டும் நம்பினால் ஒரு பொறி இருக்கிறது. ட்ரைகீட்டோன், ஒட்டிய கீட்டால், பாலக் கீட்டால் மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றியங்கள், மூன்றுக்கும் நிறை 196. ஈனோனுக்கு மட்டுமே 178. ஆகவே 196 வந்தால் "வினையே நடக்கவில்லை" என்று முடிவுகட்ட முடியாது, வளையம் மூடி நீர் போகாமல் நிற்கலாம்.

இவற்றைப் பிரித்துக் காட்டுவது என்எம்ஆர். ட்ரைகீட்டோனில் கார்பனைலை ஒட்டிய மெத்தில் டெல்டா 2.1 அருகில் மூன்று ஹைட்ரஜன் மதிப்புள்ள ஒற்றைக் கோடாக நிற்கும். அது மறைந்தால் சங்கிலிக் கார்பனைல் அல்லது அதன் மெத்தில் வினைபுரிந்துவிட்டது. அடுத்து மெத்தில் கோடுகளை எண்ணுங்கள். ஒட்டிய கீட்டாலில் மெத்தில் ஒன்றுதான், வளையச் சந்தியில் இருப்பது. பாலக் கீட்டாலில் இரண்டு: சந்தியில் ஒன்று, ஹைட்ராக்சில் தாங்கும் கார்பனில் இன்னொன்று. ஏனென்றால் அங்கே சங்கிலியின் முனை மெத்தில் தாக்கவில்லை, அப்படியே நின்றுவிட்டது. வீலாண்ட்–மீஷர் கீட்டோனில் சந்தி மெத்தில் டெல்டா 1.45 அருகிலும், இரட்டைப் பிணைப்பில் உள்ள ஒற்றை ஹைட்ரஜன் 5.85 அருகிலும் தெரியும். இந்த 5.85 கோடு வந்துவிட்டால் நீர் போய்விட்டது என்று உறுதி.

புற ஊதா நிறமாலையையும் கணக்கிட்டே பார்க்கலாம். வுட்வர்டு விதிப்படி ஆறு உறுப்பு வளைய ஈனோனுக்கு அடிப்படை 215. பீட்டா இடத்தில் இரண்டு கார்பன் கிளைகள், ஒவ்வொன்றுக்கும் 12 வீதம் 24. இரட்டைப் பிணைப்பு மற்ற வளையத்துக்கு வெளிப்புறமாக அமைவதற்கு 5. மொத்தம் 244 நானோமீட்டர். நீங்கள் பதிவு செய்யும் உச்சம் இதன் பக்கத்தில் இருந்தால் அமைப்பு சரி.

ஒரே ஒரு கார்பனைல் குறைந்தால்

மேலே கண்ட சுத்தம் எல்லாம் டையோனின் அமிலத்தன்மையால் வந்தது. இப்போது 2-மெத்தில்சைக்ளோஹெக்சனோனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கார்பனைல் குறைந்ததும் மூன்று தொல்லைகள் சேர்ந்து வருகின்றன.

ஒன்று, ஈனோலேட்டு இரு பக்கமும் உருவாகலாம், மெத்தில் உள்ள பக்கமும் இல்லாத பக்கமும். இரண்டு, டையோனுக்குப் போதுமான சிறு அளவு காரம் இங்கே போதாது. வலிமையான காரம் வைத்தால் மெத்தில் வினைல் கீட்டோன் பலபடியாகும். மூன்று, மைக்கேல் சேர்ப்பில் பிறக்கும் புது ஈனோலேட்டும் தொடக்க ஈனோலேட்டும் ஏறத்தாழ ஒரே வலிமை கொண்டவை. ஆகவே பிறந்த ஈனோலேட்டே அடுத்த மெத்தில் வினைல் கீட்டோனைத் தாக்கிச் சங்கிலியை நீட்டிக்கொண்டே போகும். விடைத்தாளில் இந்தக் கீட்டோனையே பெரும்பாலும் வரைகிறீர்கள், குடுவையில் பிசினைத் தருவதும் இதுதான்.

இதற்கு ராபின்சனின் குழுவே 1937-இல் ஒரு வழி கண்டது. மெத்தில் வினைல் கீட்டோனை நேரடியாகச் சேர்க்காமல், அதன் மானிக் காரத்தின் நான்கிணைய அம்மோனியம் உப்பைச் சேர்த்தார்கள். அந்த உப்பு காரத்தில் அமீனை இழந்து மெத்தில் வினைல் கீட்டோனைச் சிறிது சிறிதாக விடுவிக்கும். எந்த நேரத்திலும் குடுவையில் அதன் அளவு மிகக் குறைவு. தன்னோடு தானே சேர்ந்து பலபடியாக அதற்குப் போதிய துணை கிடைக்காது, ஈனோலேட்டோடு சேர்வதே எளிதாகும்.

1970-களில் இன்னொரு வழி வந்தது. ஸ்டோர்க்கும் கேனமும் மெத்தில் வினைல் கீட்டோனின் ஆல்ஃபா கார்பனில் ஒரு சிலைல் தொகுதியை வைத்தார்கள். சேர்ப்பில் பிறக்கும் ஈனோலேட்டை சிலிக்கான் நிலைப்படுத்துகிறது. அதனால் அது அடுத்த மூலக்கூறைத் தாக்குவதும் குறையும், தொடக்கக் கீட்டோனிலிருந்து புரோட்டானைப் பறித்து ஈனோலேட்டு இடம் மாறுவதும் குறையும். தேவையான பக்கத்து ஈனோலேட்டைத் தனியே செய்து அதே பக்கத்தில் வளையம் கட்ட முடியும். சிலிக்கான் பிறகு காரத்தில் தானே விலகிவிடும். இரண்டு தீர்வுகளும் ஒரே நோயைத்தான் குணப்படுத்துகின்றன என்பதைக் காணுங்கள்: முதல் வினை முடியும் முன்பே இரண்டாவது, மூன்றாவது வினைகள் நுழைவதை.

கையினைத் தேர்ந்தெடுத்தல்

ட்ரைகீட்டோனுக்கு மீண்டும் வருவோம். வளையத்தின் இரண்டு கார்பனைல்களும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக நிற்பவை. சங்கிலியின் முனை எதைத் தாக்கினாலும் அமைப்பு ஒன்றுதான், ஆனால் சந்திக் கார்பனின் கை மாறிவிடும். பைரோலிடினுக்கு இரண்டும் சமம், ஆகவே இரு கைகளும் சம அளவில் கிடைக்கும்.

பைரோலிடின் வளையத்தில் ஒரு கார்பாக்சில் தொகுதியைச் சேர்த்தால் அது புரோலின் என்ற அமினோ அமிலம், இயற்கையில் ஒரே கையில் கிடைப்பது. 1971-இல் ஷெரிங் நிறுவனத்தின் ஏடர், சாவர், வீகர்ட் ஆகியோரும், தனியாக ஹாஃப்மன்-லா ரோஷில் ஹாயோஷும் பாரிஷும் புரோலினை வைத்து இந்த வளையத்தை மூடினார்கள். ஹாயோஷும் பாரிஷும் 1974-இல் வெளியிட்ட விவரத்தில், ஐந்து உறுப்பு டையோனிலிருந்து வந்த ட்ரைகீட்டோனை டைமெத்தில்ஃபார்மமைடில் மூன்று மோல் சதவீதப் புரோலினோடு அறை வெப்பநிலையில் வைத்தபோது, கீட்டால் ஏறத்தாழ முழு விளைச்சலில், ஒரு கைக்கு 93 சதவீத மிகுதியோடு கிடைத்தது. கார்பாக்சில் தொகுதி தாக்கப்படும் கார்பனைலின் ஆக்சிஜனுக்கு ஹைட்ரஜன் பிணைப்பு தந்து, இரண்டில் ஒன்றையே பக்கத்தில் இழுத்து வைக்கிறது. நீர் போகும் முன்பே அறை வெப்பநிலையில் கீட்டாலாக நிறுத்த முடிந்ததையும் கவனியுங்கள். நீரை அடுத்த தனிப் படியில் அமிலத்தால் எடுத்தார்கள். படிகளைப் பிரித்துப் பார்த்ததால் கிடைத்த பலன் இது.

சமச்சீரற்ற கரிம வினைவேக மாற்றத்துக்காக 2021-இல் பெஞ்சமின் லிஸ்ட்டுக்கும் டேவிட் மேக்மில்லனுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதில் லிஸ்ட் 2000-இல் புரோலினைக் கொண்டு செய்த ஆல்டால் வினை இந்த வளையம் மூடும் வினையின் நேர் வழித்தோன்றல். கையுள்ள வீலாண்ட்–மீஷர் கீட்டோனிலிருந்து தொடங்கித்தான் டானிஷெஃப்ஸ்கி குழு டாக்ஸாலைக் கட்டியது.

உங்களிடம் கேட்பது

இனி ஒரு சைக்ளோஹெக்சினோனைக் காணும்போது பின்னோக்கிப் படியுங்கள். கீட்டோன் கார்பனுக்கு ஒன்று என்று எண் கொடுங்கள். இரட்டைப் பிணைப்பு இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் இருக்கட்டும். இரண்டு–மூன்று பிணைப்பு ஆல்டால் குறுக்கத்தில் பிறந்தது. நான்கு–ஐந்து பிணைப்பு மைக்கேல் சேர்ப்பில் பிறந்தது. இந்த இரண்டையும் வெட்டினால் ஐந்து, ஆறு, ஒன்று, இரண்டு ஆகிய நான்கு கார்பன்களும் மெத்தில் வினைல் கீட்டோனிலிருந்து வந்தவை. மூன்றும் நான்கும் மற்றக் கீட்டோனுடையவை.

டெஸ்டோஸ்டெரோனின் முதல் வளையத்தில் இதைச் செய்து பாருங்கள். ஸ்டீராய்டு எண்ணிக்கையில் கீட்டோன் மூன்றாம் கார்பனில், இரட்டைப் பிணைப்பு நான்குக்கும் ஐந்துக்கும் இடையில். ஆகவே நான்கு–ஐந்து ஆல்டால் பிணைப்பு. மெத்தில் தாங்கும் பத்தாம் கார்பனுக்கும் ஒன்றாம் கார்பனுக்கும் இடையில் மைக்கேல் பிணைப்பு. ராப்சனும் ராபின்சனும் ஸ்டெரால்களைத் தேடிப் போய் ஏன் இந்த வினையைக் கண்டார்கள் என்பது அந்த வரைபடத்திலேயே தெரியும்.

அடுத்த முறை விடை எழுதும்போது ஒற்றை அம்புக்குறிக்குப் பதில் மூன்று வரையுங்கள்: சேர்ப்புக்கு ஒன்று, வளையம் மூடலுக்கு ஒன்று, நீர் நீக்கத்துக்கு ஒன்று. முதல் இரண்டுக்கும் இருதிசை அம்பு போடுங்கள். மூன்றாவதற்கு ஒருதிசை போட்டு, நீர் எங்கே போகிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். ட்ரைகீட்டோனையும் கீட்டாலையும் வரையுங்கள். பாலக் கீட்டாலை ஓரத்தில் வரைந்து, அது ஏன் முடிவாகாது என்று ஒரு வரி சேருங்கள். குடுவையைத் தூக்கும் முன் அதே தாளை மேசையில் வைத்து, ஒவ்வொரு அம்புக்கும் என்ன காரம், எவ்வளவு, என்ன வெப்பநிலை, டிஎல்சி தகட்டில் என்ன தெரிய வேண்டும் என்று நிரப்பிக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் ஏதாவது ஓர் இடம் காலியாக இருந்தால், மெத்தில் வினைல் கீட்டோன் புட்டியை அன்று திறக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கரிம வேதியியல் ஆசிரியர்களில் ஒருவர்